‘புரிந்துகொள்வர்’ என்று எழுதினால் போதுமா?

ஒன்பதாம் வகுப்பு, தமிழ்ப் பாடவேளை தொடங்கக் கால் மணி நேரம் இருக்கிறது. கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கும் பி.எட். மாணவி தன் பாடக்குறிப்பு நோட்டை வழிகாட்டி ஆசிரியையிடம் கையெழுத்துக்கு நீட்டுகிறார். பாடம், ‘வல்லினம் மிகும் இடங்கள்’. நோக்கம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி: ‘மாணவர்கள் வல்லினம் மிகும் இடங்களை நன்கு அறிந்து புரிந்துகொள்வர்.’

ஆசிரியை பேனாவை மூடி வைக்கிறார். “ஏம்மா, நாப்பது பேர் இருக்காங்க. மணி அடிக்கும்போது அதுல யார் யாருக்குப் புரிஞ்சுதுன்னு எப்படிச் சொல்லுவே?”

“கேட்டுப் பார்ப்பேன் மேடம்.”

“‘புரிஞ்சுதா’ன்னு கேட்டா நாப்பது பேரும் ‘புரிஞ்சுது டீச்சர்’னு ராகம் போடுவாங்களே!”

பயிற்சி ஆசிரியர்களைக் கொண்ட எந்தப் பள்ளியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நோட்டில் இருக்கும் வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நல்ல எண்ணமும் இருக்கிறது. ஆனால் பாடம் முடிந்த பிறகு அந்த வரி நிறைவேறியதா இல்லையா என்று சொல்ல வழி இல்லை. புரிதல் என்பது மாணவரின் மண்டைக்குள் நடப்பது. ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிவது மாணவர் சொல்வதும் எழுதுவதும் செய்வதும்தான். கண்ணுக்குத் தெரியும் அந்தச் செயலை முன்கூட்டியே எழுதி வைப்பதற்குத்தான் ‘அளவிடத்தக்க கற்றல் நோக்கம்’ என்று பெயர்.

கேள்வித்தாளில் பிறந்த வகைப்பாடு

இந்த வழக்கத்துக்குப் பின்னால் மூன்று பெயர்கள் உண்டு. கல்வி நோக்கம் என்பது ஆசிரியர் என்ன செய்வார் என்பது அல்ல, மாணவரிடம் என்ன மாற்றம் ஏற்படும் என்பதே என்று 1949-இல் வந்த தன் நூலில் வாதிட்டவர் அமெரிக்கரான ரால்ஃப் டைலர். அவரோடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ப்ளூம், அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக அடுக்கிய வகைப்பாட்டைத் தன் குழுவினரோடு 1956-இல் வெளியிட்டார். பி.எட். படித்த எவருக்கும் தேர்வுக்காக அந்த ஆறு படிகளை மனப்பாடம் செய்த நினைவு இருக்கும்.

அந்த வகைப்பாடு பிறந்த இடம்தான் வேடிக்கை. 1948-இல் பாஸ்டன் நகரில் நடந்த உளவியலாளர் மாநாட்டுக்கு வந்திருந்த கல்லூரித் தேர்வாளர்கள் தனியே கூடிப் பேசியதில் உருவானது அது. ஒரு கல்லூரி தயாரித்த வினாக்களை இன்னொரு கல்லூரியும் பயன்படுத்த வேண்டுமானால், எந்த வினா எதைச் சோதிக்கிறது என்று சொல்ல ஒரு பொது மொழி வேண்டும். அதற்காகவே படிகள் அடுக்கப்பட்டன. நோக்கமும் வினாவும் தொடக்கத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை என்பதைப் புதிய ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பாதிக் குழப்பம் தீரும். ப்ளூம் 1957-இல் இந்தியாவுக்கும் வந்து, தேர்வு முறைச் சீர்திருத்தத்துக்கான பயிலரங்குகளை நடத்தினார். நம் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் அவர் பெயர் ஆழமாக வேரூன்றியதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம்.

மூன்றாமவர் ராபர்ட் மேகர். 1962-இல் அவர் எழுதிய சிறு நூல், ஒரு நோக்கத்துக்கு மூன்று உறுப்புகள் வேண்டும் என்றது. மாணவர் என்ன செய்வார்? எந்தச் சூழலில் செய்வார்? எவ்வளவு சரியாகச் செய்தால் போதும்? செயல், சூழல், அளவு. ஒரு பாடவேளைக்கான நோக்கத்தை எழுத இன்றும் இந்த மூன்று கேள்விகளே கைகொடுக்கின்றன.

வினைமுற்றில் இருக்கிறது சூட்சுமம்

தமிழில் நோக்கம் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் வரும். ‘அறிதல்’, ‘உணர்தல்’, ‘அறியச் செய்தல்’, ‘விளக்குதல்’ என்று தொழிற்பெயரில் முடிப்பது நம் வழக்கம். பார்க்க அடக்கமாக இருக்கும். ஆனால் தொழிற்பெயரில் ஆள் மறைந்துவிடுகிறார். ‘வல்லினம் மிகும் இடங்களை விளக்குதல்’ என்றால் விளக்குவது யார், ஆசிரியரா மாணவரா? ‘அறியச் செய்தல்’ என்றால் சந்தேகமே இல்லை, வேலை முழுவதும் ஆசிரியருடையது. அது நோக்கமே அல்ல. ஆசிரியரின் அன்றைய வேலைப்பட்டியல்.

இதற்கு எளிய மருந்து, வாக்கியத்தை ‘-வர்’, ‘-பர்’ என்று முடியும் வினைமுற்றில் நிறுத்துவது. எழுதுவர், பிரிப்பர், வரைவர், அளப்பர், வகைப்படுத்துவர். வினைமுற்றின் விகுதியே செய்பவரைக் காட்டிவிடும். எழுதிய பிறகு அந்த வினைமுற்றை ஒரு சோதனைக்கு உட்படுத்தலாம். கேமரா ஒன்று வகுப்பில் ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் செயல் அதில் பதிவாகுமா? அல்லது அதன் விளைவு தாளில் மிஞ்சுமா? ‘வரைவர்’ பதிவாகும். ‘வகைப்படுத்துவர்’ என்றால் இரண்டு பத்திகளாகப் பிரித்த பட்டியல் தாளில் மிஞ்சும். ‘அறிவர்’, ‘உணர்வர்’, ‘தெளிவு பெறுவர்’, ‘ஆர்வம் கொள்வர்’ ஆகியவற்றை எந்தக் கேமராவும் பிடிக்காது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கக்கூடும்: ப்ளூமின் பட்டியலிலேயே ‘புரிந்துகொள்ளுதல்’ இருக்கிறதே, பிறகு ஏன் அதை எழுதக் கூடாது? கேள்வி நியாயமானது. அந்தச் சொல் வகைப்பாட்டில் ஓர் அலமாரித் தட்டின் பெயர். பாடக்குறிப்பில் எழுத வேண்டியது தட்டில் இருக்கும் பொருள். லோரின் ஆண்டர்சனும் டேவிட் கிராத்வோலும் 2001-இல் அந்த வகைப்பாட்டைத் திருத்தியபோது, ‘புரிந்துகொள்ளுதல்’ என்ற தட்டில் ஏழு செயல்களை வைத்தார்கள். வேறு வடிவில் சொல்லுதல், எடுத்துக்காட்டுத் தருதல், வகைப்படுத்துதல், சுருக்குதல், ஊகித்தல், ஒப்பிடுதல், காரணத்தொடர்பை விளக்குதல். நம் பி.எட். மாணவி ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதியபோது இவற்றுள் எதை நினைத்தார் என்பதுதான் வழிகாட்டி ஆசிரியையின் கேள்வி.

ஒரு நோக்கம் நான்கு முறை திருந்துகிறது

மீண்டும் அந்த நோட்டுக்கே போகலாம். அடித்துவிட்டு மாணவி எழுதிய இரண்டாவது வடிவம் இது: ‘மாணவர்கள் வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியலிடுவர்.’

‘பட்டியலிடுவர்’ அசல் செயல் வினை. யார் பட்டியலிட்டார், யார் இடவில்லை என்று எண்ணிவிடலாம். ஆனாலும் ஆசிரியை கையெழுத்திடவில்லை. காரணம், தமிழாசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாணவர். ‘இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வரும் இடத்தில் வல்லினம் மிகும்’ என்று விதியை ஒரு சொல் பிசகாமல் எழுதுவார். அதே தாளின் அடுத்த பக்கத்தில் கட்டுரையில் ‘பாடத்தை படித்தேன்’ என்று ஒற்றை விட்டுவிட்டு எழுதுவார். பட்டியலிடுவதை அளந்தால் அவர் தேறிவிடுவார். ஆனால் இந்தப் பாடம் எதற்காக இருக்கிறதோ அது அவருக்கு வரவில்லை. அளக்க முடிவது மட்டும் போதாது, அளக்க வேண்டியதை அளக்க வேண்டும் என்பது இந்த இரண்டாம் வடிவத்தில் தெரிகிறது.

மூன்றாவது வடிவம்: ‘மாணவர்கள் வல்லினம் மிகும் இடங்களில் ஒற்றுச் சேர்த்து எழுதுவர்.’ இப்போது செயல் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் வரம்பு இல்லை. வல்லினம் மிகும் இடங்கள் ஒன்றா இரண்டா? சுட்டு, வினா, வேற்றுமை உருபுகள், வினையெச்சங்கள், உவமைத்தொகை, உருவகம் என்று நீண்டுகொண்டே போகும். முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுப் போகலாம், மாணவர் கையில் எதுவும் தங்காது. ஆசிரியை சொன்ன யோசனை, ‘இன்றைக்கு மூன்றே மூன்று எடு’ என்பது. அன்றாட எழுத்தில் அடிக்கடி வருவதும், மாணவர்கள் அடிக்கடி தவறவிடுவதுமான மூன்று.

ஒன்று, அந்த, இந்த, எந்த என்ற சொற்களை அடுத்து: அந்தக் கடை, எந்தத் தெரு. இரண்டு, ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபை அடுத்து: கதவைத் திற. மூன்று, ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபை அடுத்து: ஊருக்குப் போனான். மூன்றிலும் அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்துகளில் தொடங்க வேண்டும்.

இனி சூழலும் அளவும். ‘10 இடங்களில் 8-ஐச் சரியாக எழுதுவர்’ என்று மாணவி சேர்த்தார். பிறகு சோதிப்பதற்காகப் பத்து தொடர்களையும் எழுதினார். பத்திலும் வல்லினம் மிகும்! வழிகாட்டி ஆசிரியை பென்சிலால் வட்டமிட்டது அதைத்தான். பத்திலும் மிகும் என்றால், பாடமே கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் ஒற்றுப் போடுகிற மாணவருக்குப் பத்துக்குப் பத்து. பாடம் கேட்ட சில நாட்களில் எல்லாச் சொல்லுக்கும் நடுவே ஒற்றுப் போடத் தொடங்கும் மாணவர்கள் உண்டு. ‘எனதுப் புத்தகம்’, ‘வந்தப் பையன்’ என்று எழுதுவது அப்படி வருவதுதான். மிகாத இடங்களையும் கலந்தால்தான் சோதனை சோதனையாக இருக்கும்.

நான்காவது வடிவம் இப்படி நின்றது: ‘அந்த, இந்த, எந்த என்ற சொற்களையும் ஐ, கு உருபுகளையும் அடுத்து க, ச, த, ப வரும் இடங்களில் ஒற்றுச் சேர்த்தும், பிற இடங்களில் சேர்க்காமலும், முன்பு பார்த்திராத ஒரு பத்தியின் 10 இடங்களில் குறைந்தது 8-ஐப் புத்தகம் பாராமல் 7 நிமிடங்களில் சரியாக எழுதுவர்.’

வாக்கியம் நீளம்தான். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. ‘முன்பு பார்த்திராத’ என்பது மனப்பாடத்தைத் தடுக்கிறது. கரும்பலகையில் எழுதிய எடுத்துக்காட்டுகளையே திருப்பிக் கேட்டால் அது நினைவாற்றல் சோதனையாகிவிடும். ‘புத்தகம் பாராமல்’ என்பதை, விருப்பப்பட்டால், ‘விதி அட்டையைப் பார்த்து’ என்று மாற்றலாம். முதல் நாளுக்கு அது பொருத்தமாகவும் இருக்கலாம்; ஆனால் அது வேறு நோக்கம், எளிதான நோக்கம் என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.

பத்து இடைவெளிகள்

அந்த நோக்கத்துக்கு ஏற்ற பத்தி எப்படி இருக்கும்? இதோ ஒன்று. அடைப்புக்குறி உள்ள இடத்தில் ஒற்று வேண்டுமானால் எழுத வேண்டும், வேண்டாமானால் ஒரு கோடு போட வேண்டும்.

அந்த (1) தெருவில் ஒரு பழைய (2) கடை இருந்தது. மாலையில் அக்கா (3) பள்ளிக்கு (4) போய்விட்டு வரும் வழியில் கடையின் கதவை (5) தட்டினாள். உள்ளிருந்து வந்த (6) பெரியவர், “எந்த (7) புத்தகம் வேண்டும்?” என்று கேட்டார். அவள் தனது (8) பையை (9) திறந்து, ஒரு சீட்டை எடுத்து அவருக்கு (10) காட்டினாள்.

விடை: அந்தத் தெரு, பள்ளிக்குப் போய், கதவைத் தட்டினாள், எந்தப் புத்தகம், பையைத் திறந்து, அவருக்குக் காட்டினாள். இந்த ஆறு இடங்களில் ஒற்று வரும். பழைய கடை, அக்கா பள்ளிக்கு, வந்த பெரியவர், தனது பை ஆகிய நான்கில் வராது.

ஆறும் நான்கும் என்ற இந்தப் பங்கீடு தற்செயல் அல்ல. எல்லா இடத்திலும் ஒற்றுப் போடுபவர் 6 மதிப்பெண் பெறுவார். எங்குமே போடாதவர் 4 பெறுவார். இரண்டு குருட்டு வழிகளும் 8-ஐ எட்டாது. ‘80 விழுக்காடு’ என்று பாடக்குறிப்புகளில் பழக்கத்துக்கு எழுதப்படும் எண்ணுக்கு இங்கே ஒரு காரணம் கிடைத்துவிட்டது: குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடிய மதிப்பெண்ணைவிட நன்றாக மேலே, ஓரிரு கைத்தவறுகளை மன்னிக்கும் அளவுக்குக் கீழே. வேறு பாடத்தில் அந்த எண் மாறும். வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமா, நீரை அமிலத்தில் ஊற்ற வேண்டுமா என்பதில் பத்துக்கு எட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நோக்கம் இந்த வடிவத்துக்கு வந்ததும் பாடவேளையும் தானாக வடிவம் பெறத் தொடங்கியது. கடைசி 7 நிமிடம் சீட்டுக்குப் போய்விட்டது. எழுதுவதுதான் நோக்கம் என்பதால், நடுவில் மாணவர்கள் எழுதிப் பழக குறைந்தது 15 நிமிடமாவது வேண்டும். மாணவி முதலில் திட்டமிட்டிருந்ததோ 35 நிமிட விளக்கம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது. மிகாத இடங்களைச் சீட்டில் கேட்பதால், அவற்றில் சிலவற்றைப் பயிற்சியிலும் காட்டியாக வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ‘எழுதுவர்’ என்று நோக்கத்தில் போட்டுவிட்டுப் பாடவேளை முழுக்கக் கேட்கவைப்பது, நீச்சல் கற்றுத்தருவதாகச் சொல்லிக் கரையில் உட்காரவைப்பது போலத்தான்.

சீட்டுகள் சொல்லும் கதை

நாற்பது சீட்டுகளைத் திருத்த அதிக நேரம் ஆகாது. ஆனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்தினால் பாதிப் பயன் போய்விடும். நோட்டில் 1 முதல் 10 வரை கட்டம் போட்டு, எந்த இடைவெளியில் எத்தனை பேர் தவறினார்கள் என்று கோடு கோடாகக் குறித்துக்கொண்டால் வகுப்பின் நிலை தெரியும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 40 பேரில் 24 பேர் 8-க்கு மேல் எடுத்திருக்கிறார்கள். 6 எடுத்தவர்களின் சீட்டுகளைப் புரட்டினால், பலரும் பத்து இடத்திலும் ஒற்றுப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விதி தெரியாது என்பதைவிட, ‘இன்றைய பாடம் ஒற்று, அதனால் ஒற்றுப் போடு’ என்று நினைத்துவிட்டார்கள் என்பதே சரி. கட்டத்தைப் பார்த்தால் ஆறாவது இடைவெளியில் மட்டும் கோடுகள் குவிந்திருக்கின்றன. ‘வந்தப் பெரியவர்’ என்று பதினைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் மற்ற ஒன்பதையும் சரியாக எழுதியவர்கள்.

ஏன் இப்படி? ‘அந்தத் தெரு’ என்று படித்த காதுக்கு ‘வந்த’ என்பதும் ‘ந்த’ என்றே முடிகிறது. மாணவர்கள் பிடித்துக்கொண்டது சுட்டு என்ற விதியை அல்ல, ‘ந்த’ என்ற ஓசையை! ஆசிரியர் எத்தனை முறை ‘புரிந்ததா’ என்று கேட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. வெளிக்கொண்டு வந்தது ‘வந்த பெரியவர்’ என்ற அந்த ஒரே ஒரு பொறி. பொறியை வைக்கச் சொன்னது நோக்கத்தில் இருந்த ‘பிற இடங்களில் சேர்க்காமலும்’ என்ற மூன்று சொற்கள்.

செயல் வினையும் ஏமாற்றும்

செயல் வினைப் பட்டியல்கள் பயிற்சிக் கல்லூரிகளில் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படிக்கும் எதிரே இருபது, முப்பது சொற்கள். அவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்கி ஒட்டிவிட்டால் நோக்கம் தயார் என்ற நம்பிக்கையும் கூடவே பரவுகிறது. அந்தப் பட்டியல் உதவும். ஆனால் இரண்டு இடங்களில் காலை வாரிவிடும்.

முதலாவது, செயல்பாட்டை நோக்கமாக எழுதிவிடுவது. ‘மாணவர்கள் குழுக்களாக விவாதிப்பர்’, ‘காணொலியைப் பார்ப்பர்’, ‘மாதிரி ஒன்றைச் செய்வர்’. எல்லாமே கேமராவில் பதிவாகும் செயல்கள்தாம். ஆனால் இவை கற்பதற்கான வழி. கற்றதன் அடையாளம் அல்ல. எட்டாம் வகுப்பில் அறிவியல் பாடத்துக்கு அட்டையில் இதய மாதிரி செய்த குழு, இரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று தெரியாமலே அழகாக வண்ணம் தீட்டி முடித்திருக்கலாம். ‘எதற்காக’ என்று ஒரு முறை கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். ‘விவாதிப்பர்’ என்பதற்குப் பின்னால் ‘எதற்காக’ என்ற கேள்வி மிஞ்சி நிற்கும். அதற்கு வரும் விடையே நோக்கம்.

இரண்டாவது, ஒரே வினைச்சொல் வேறு வேறு வேலைகளைக் குறிப்பது. ‘நீர் ஆவியாவதை விளக்குவர்’ என்று ஒரு நோக்கம். பட்டியலின்படி ‘விளக்குவர்’ என்பது புரிதலின் தட்டில் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் வகுப்பில் விளக்கத்தை நான்கு வரிகளாகச் சொல்லி எழுதவைத்து, மாணவர் அதே நான்கு வரிகளைத் திருப்பி எழுதினால் அது வெறும் நினைவுகூர்தல். ஈரத்துணி நிழலில் காய்வதைவிட மின்விசிறிக்கு அடியில் ஏன் சீக்கிரம் காய்கிறது என்று, வகுப்பில் பேசாத ஒன்றைக் கேட்டால்தான் அது விளக்கம். வேறுபாடு வினைச்சொல்லில் இல்லை. மாணவர் முன் வைக்கப்படும் பொருள் புதிதா பழையதா என்பதில் இருக்கிறது. அதனால்தான் மேகர் சொன்ன இரண்டாம் உறுப்பான சூழலை விட்டுவிட்டு வினையை மட்டும் எழுதும் நோக்கம் பாதியில் நிற்கிறது.

மூன்று வினைகளை ஒரே வாக்கியத்தில் கோப்பதும் புதியவர்களிடம் அடிக்கடி காணக்கூடியது. ‘கண்டறிந்து, ஒப்பிட்டு, எழுதுவர்.’ கண்டறிந்தவர் ஒப்பிடாமல் போனால் நோக்கம் நிறைவேறியதா? ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை, ஒரு பாடவேளைக்கு ஒன்று முதல் மூன்று நோக்கம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. என்.சி.இ.ஆர்.டி. 2017-இல் வெளியிட்ட தொடக்கநிலைக் கற்றல் விளைவுகள் போன்ற ஆவணங்களில் உள்ள வரிகளை அப்படியே பாடக்குறிப்பில் எடுத்து எழுதுவதும் இதே இடறலுக்கு இட்டுச்செல்லும். அவை ஓராண்டுப் படிப்பின் முடிவில் எதிர்பார்ப்பவை. ஒரு பாடவேளையின் முடிவில் அல்ல. அந்தப் பெரிய வரியில் இன்று எந்தத் துண்டு என்று வெட்டி எடுப்பது ஆசிரியரின் வேலை.

அளவுகோல் எட்டாத இடம்

எல்லாப் பாடத்தையும் இப்படி அளந்துவிட முடியுமா? அமெரிக்கக் கலைக் கல்வியாளரான எலியட் ஐஸ்னர் 1967-இலேயே இந்தக் கேள்வியைக் கிளப்பினார். ஒரு கவிதையையோ ஓவியத்தையோ மாணவர் முன் வைக்கும்போது, அவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், எதிர்பாராத இடத்துக்குப் போகும் மாணவர் ‘நோக்கத்தை அடையாதவர்’ ஆகிவிடுவார் என்பது அவரது கவலை. அத்தகைய வகுப்புகளுக்கு முடிவை விட்டுவிட்டு, மாணவர் சந்திக்கப்போகும் அனுபவத்தை மட்டும் எழுதிவைக்கலாம் என்றார். ‘கவிதையைச் சுவைப்பர்’ என்பதைச் சிரமப்பட்டு அளவிடத்தக்கதாக மாற்றப்போய், ‘கவிதையில் உள்ள உவமைகள் மூன்றினை எடுத்தெழுதுவர்’ என்று முடிக்கிற பாடக்குறிப்புகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். உவமைகளை எடுத்தெழுதுவது பயனுள்ள வேலைதான். சுவைத்தல் மட்டும் அதற்குள் இல்லை.

நம் இலக்கணப் பாடத்துக்கே எல்லை உண்டு. அந்தச் சீட்டில் இடைவெளிகள் எல்லாமே க, ச, த, ப எழுத்துகளுக்கு முன்னால்தான் இருக்கின்றன. ‘கதவை மூடு’ போன்ற இடத்தில் தடுமாறுபவரை அது பிடிக்காது. எங்கே கவனிக்க வேண்டும் என்று அடைப்புக்குறியே விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது. சொந்தக் கட்டுரை எழுதும்போது விரல் நீட்ட யாரும் இல்லை. தவிர, பாடம் முடிந்த கையோடு எழுதும் சீட்டு, அன்றைக்கு வருகிறதா என்பதைச் சொல்லும். அடுத்த மாதமும் நிற்குமா என்பதைச் சொல்லாது. அதற்காக அனுபவமுள்ள ஆசிரியர்கள் இரண்டு வாரம் கழித்து, முற்றிலும் வேறு பாடத்தின் கட்டுரையைத் திருத்தும்போது இந்த மூன்று விதிகளுக்கு மட்டும் பக்கத்து ஓரத்தில் ஒரு குறி போட்டு எண்ணிப் பார்ப்பார்கள்.

நம் பி.எட். மாணவிக்கு அவ்வளவு தூரம் போக இப்போது அவசரம் இல்லை. ஆறாவது கட்டத்தில் குவிந்த கோடுகள் மறுநாள் பாடக்குறிப்பின் முதல் வரியை எழுதித் தந்துவிட்டன: ‘அந்த, இந்த, எந்த என்ற சொற்களையும், வந்த, தந்த, இருந்த, சிறந்த போன்ற பெயரெச்சங்களையும் கலந்து தந்த 12 தொடர்களை, ஒற்று மிகுபவை, மிகாதவை என இரு பத்திகளாகக் குறைந்தது 10 தொடர்கள் சரியாக இருக்குமாறு 5 நிமிடங்களில் வகைப்படுத்துவர்.’ இந்த முறை வழிகாட்டி ஆசிரியை பேனாவை மூடவில்லை. ‘தந்த 12 தொடர்களை’ என்ற இடத்தில் ஒற்று இல்லாததைச் சரிபார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.